மின்னோட்டம் ஏறினால் மின்கலத்தின் வோல்டேஜ் ஏன் இறங்குகிறது: மூன்று இழப்புகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

25 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலம் மேசைமேல் இருக்கிறது. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் புரோட்டானை மட்டும் கடத்தும் பாலிமர் சவ்வு. வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ். அதிலிருந்து 25 ஆம்பியர் எடுக்கும்போது மீட்டர் 0.643 வோல்ட் காட்டுகிறது. வெப்ப இயக்கவியல் கணக்குப்படி கிடைக்க வேண்டியது 1.156 வோல்ட். நடுவே 0.513 வோல்ட்டைக் காணோம். அது எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு படம் இருக்கும். வோல்டேஜ் கோடு முதலில் சட்டென்று விழும், பிறகு சாய்வாகப் போகும், கடைசியில் செங்குத்தாகக் கவிழும். மூன்று பகுதிகளுக்கும் கிளர்வு முனைவாக்கம், ஓமிக் முனைவாக்கம், செறிவு முனைவாக்கம் என்று பெயர் எழுதியிருப்பார்கள். படம் சரிதான், ஆனால் அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். நடுப்பகுதிக்கு "ஓமிக்" என்று பெயர் இருப்பதால் அங்கே ஓமிக் இழப்புதான் பெரியது என்று நினைத்துவிடுகிறோம். அது உண்மையில்லை என்பதைக் கடைசியில் எண்களே காட்டும்.

## அளவுகோலின் மேல்முனை

இழப்பைக் கணக்கிட முதலில் இழப்பே இல்லாத நிலை தெரிய வேண்டும். 25 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஹைட்ரஜனும் தூய ஆக்சிஜனும் சேர்ந்து திரவ நீர் உருவானால் கிடைக்கும் மீள் மின்னழுத்தம் 1.229 வோல்ட். வெப்பநிலை ஏற ஏற இது குறையும். 80 டிகிரியில் ஏறத்தாழ 1.18.

நம் கலத்தில் தூய வாயுக்கள் இல்லை. இரண்டு பக்கமும் நீராவி நிறைந்த வாயு, மொத்த அழுத்தம் ஒரு வளிமண்டலம். 80 டிகிரியில் நீராவி மட்டுமே 0.47 வளிமண்டலத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதி 0.53. காற்றுப் பக்கத்தில் அதில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன், அதாவது வெறும் 0.11. இதை நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டால் இன்னும் 26 மில்லிவோல்ட் கழிந்து 1.156 வோல்ட் வரும். வெப்பநிலைக்கும் வாயு அழுத்தத்துக்குமான இந்தத் திருத்தங்களை விட்டுவிட்டு 1.229-இலிருந்து கழிக்க ஆரம்பித்தால், இல்லாத இழப்பு ஒன்று 73 மில்லிவோல்ட் அளவுக்கு வினையூக்கியின் தலையில் விழும்.

## கிளர்வு இழப்பு: பத்து மடங்குக்கு ஒரே விலை

காற்றுப் பக்கத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு பிளாட்டினத்தின் மேல் வந்து ஒட்ட வேண்டும், அதன் பிணைப்பு உடைய வேண்டும், நான்கு எலக்ட்ரானும் நான்கு புரோட்டானும் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏற வேண்டிய ஓர் ஆற்றல் மேடு இருக்கிறது. மின்னோட்டம் எடுக்காதபோதும் வினை இரு திசையிலும் நடந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் மிக மெதுவாக, இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்தபடி. நமக்கு நிகரமாக ஒரு திசையில் வேகம் வேண்டுமென்றால் அந்தத் திசைக்கான மேட்டைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்துவதற்குக் கொடுக்கும் விலைதான் கிளர்வு இழப்பு.

மேடு தாழும் அளவுக்கு நேர் விகிதத்தில் வேகம் கூடுவதில்லை, அடுக்குக்குறியில் கூடுகிறது. அதனால் மறுபக்கமாகப் பார்த்தால், வேகம் பத்து மடங்கு கூட வேண்டும் என்றால் ஒரே அளவு வோல்டேஜைக் கொடுத்தால் போதும். இதை 1905-ல் டாஃபெல் பரிசோதனையிலிருந்து சமன்பாடாக எழுதினார். பிளாட்டினத்தின் மேல் நடக்கும் ஆக்சிஜன் வினைக்கு 80 டிகிரியில் அந்த விலை பத்து மடங்குக்கு 70 மில்லிவோல்ட். ஒரு மில்லிஆம்பியரிலிருந்து பத்துக்குப் போக 70, பத்திலிருந்து நூறுக்குப் போகவும் அதே 70. சாதாரண அச்சில் வரைந்தால் கோடு தொடக்கத்தில் செங்குத்தாக விழுவதுபோல் தெரிவது இதனால்தான். மடக்கை அச்சில் வரைந்தால் அது நேர்கோடு.

ஹைட்ரஜன் பக்கத்தை இங்கே கணக்கில் எடுக்கவே இல்லை. பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் வினை அவ்வளவு வேகமானது. அங்கே இழப்பு சில மில்லிவோல்ட்டைத் தாண்டாது.

## ஓமிக் இழப்பு: சொல்ல அதிகமில்லை

சவ்வின் வழியாகப் புரோட்டான் போவதற்குத் தடை உண்டு. கார்பன் தாள், தட்டு, அவை தொட்டுக்கொள்ளும் இடங்கள் எல்லாவற்றிலும் எலக்ட்ரானுக்குத் தடை உண்டு. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் இழப்பு வந்துவிடும். நேர் விகிதம், வளைவு இல்லை. இதில் ஒரே சூட்சுமம், சவ்வின் தடை நிலையானது அல்ல என்பது. ஈரம் குறைந்தால் தடை ஏறும். இதற்குக் கடைசியில் வருவோம்.

## செறிவு இழப்பு: பாதி, பாதியில் பாதி

ஆக்சிஜன் வாயுக் கால்வாயிலிருந்து கார்பன் தாளின் துளைகள் வழியாக, நைட்ரஜனையும் நீராவியையும் விலக்கிக்கொண்டு, கடைசியில் ஒரு மெல்லிய நீர்ப் படலத்தையும் தாண்டிப் பிளாட்டினத்தை அடைகிறது. மின்னோட்டம் கூடினால் அங்கே ஆக்சிஜன் செலவாகும் வேகமும் கூடும். அதை ஈடுகட்ட இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் செறிவு வேறுபாடு பெரிதாக வேண்டும். கால்வாயில் இருப்பது மாறாது, ஆகவே பிளாட்டினத்தின் மேல் இருப்பதுதான் குறையும். அங்கே அது பூஜ்யமாகிவிடும் மின்னோட்டத்தை எல்லை மின்னோட்டம் என்கிறோம். அதற்கு மேல் கேட்டாலும் கிடைக்காது.

நம் கலத்தில் எல்லை மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 1.6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 0.8-ல் பிளாட்டினத்தின் மேல் பாதி ஆக்சிஜன் மிச்சம். 1.2-ல் கால் பங்கு. 1.4-ல் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. 1.5-ல் வீசம், பதினாறில் ஒன்று. இழப்பு மடக்கையில் கூடுவதால் ஒவ்வொரு முறை பாதியாகும்போதும் விலை ஒரே அளவுதான், ஏறத்தாழ 26 மில்லிவோல்ட். ஆனால் அடுத்த பாதிக்கு நடக்க வேண்டிய தூரத்தைப் பாருங்கள்: முதலில் 0.8 ஆம்பியர், பிறகு 0.4, பிறகு 0.2, பிறகு 0.1. விலை மாறவில்லை, தூரம்தான் சுருங்குகிறது. கோட்டின் கடைசியில் வரும் கவிழ்ப்பு முழுக்க இந்தச் சுருக்கம்தான்.

மூன்றையும் சேர்த்து எழுதினால்:

```
V = E - b*log10((i + ix)/i0) - i*R - c*ln(iL/(iL - i))
```

இதில் `E` இழப்பில்லாத மீள் மின்னழுத்தம், `i` சதுர சென்டிமீட்டருக்கான மின்னோட்டம், `R` பரப்பால் பெருக்கிய மின்தடை. `ix` என்பது சவ்வின் வழியே கசிந்து வரும் ஹைட்ரஜனுக்கு ஈடான மின்னோட்டம். `i0` சமநிலையில் இரு திசையிலும் ஓடும் பரிமாற்ற மின்னோட்டம். `iL` எல்லை மின்னோட்டம். `b` 0.070 வோல்ட், `c` 0.038 வோல்ட். `c`-யில் இரண்டு பங்கு உண்டு: ஆக்சிஜன் குறைவதால் சமநிலை மின்னழுத்தமே சற்று இறங்குவது ஒன்று, வினையின் வேகம் ஆக்சிஜன் செறிவை நம்பியிருப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் பெரியது.

## அளவெடுப்பது

நான்கு கம்பி முறையில் அளந்தால்தான் இந்த வேலைக்கு அர்த்தம் உண்டு. மின்னோட்டத்தை எடுத்துச் செல்லும் தடித்த கம்பிகள் இரண்டு. வோல்டேஜை மட்டும் பார்க்கும் மெல்லிய சென்ஸ் கம்பிகள் இரண்டு, இவை கலத்தின் தட்டிலேயே நேரடியாகத் தொட வேண்டும். முதன்முதலில் நான் அளந்தபோது சென்ஸ் கம்பியை எலக்ட்ரானிக் லோடின் முனையில் மாட்டிவிட்டேன். கம்பியிலும் இணைப்பிலும் சேர்ந்து 2 மில்லிஓம் இருந்தது. கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 25 ஆம்பியரில் அது 50 மில்லிவோல்ட். இரண்டு நாள் சவ்வைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து மின்தடை. ஒரு கிலோஹெர்ட்ஸோ அதற்கு மேலோ சிறு மாறுமின்னோட்டம் கொடுத்து அளக்கும் உயர் அதிர்வெண் மின்தடையை ஒவ்வொரு புள்ளியிலும் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு வேகமான அதிர்வில் வினையும் பரவலும் பின்தொடர முடியாது, ஓமிக் தடை மட்டுமே தெரியும். நம் கலத்தில் அது 3.2 மில்லிஓம். பரப்பான 25-ஆல் பெருக்கினால் 0.080 ஓம்-சதுர சென்டிமீட்டர். பெருக்க வேண்டும், வகுக்கக் கூடாது: பரப்பு கூடினால் தடை குறையும் என்பதால் பெருக்கினால்தான் பரப்பைச் சாராத எண் கிடைக்கும்.

ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்தது மூன்று நான்கு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் சவ்வின் ஈரமும் துளைகளில் உள்ள நீரும் நிலைக்கு வர நேரம் எடுக்கும். மேலே போகும்போது ஒரு தடவை, கீழே வரும்போது ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டு கோடும் ஒட்டவில்லையென்றால் கலம் இன்னும் நிலைக்கு வரவில்லை என்று பொருள்.

கணக்குப் பழகுவதற்காக, இவ்வகைக் கலத்துக்குப் பொருந்தும் எண்களாக எடுத்து ஒரு தொகுப்பு வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு ஆம்பியரில், ஆகவே தொடக்கத்தில் சொன்ன 25 ஆம்பியர் இங்கே 1.0. கடைசி நெடுவரிசை, அளந்த வோல்டேஜுடன் ஓமிக் இழப்பைத் திரும்பக் கூட்டியது.

| மின்னோட்டம் | அளந்த வோல்டேஜ் | ஓமிக் இழப்பு | கூட்டிய பின் |
|---|---|---|---|
| 0.01 | 0.893 | 0.001 | 0.894 |
| 0.03 | 0.862 | 0.002 | 0.864 |
| 0.1 | 0.821 | 0.008 | 0.829 |
| 0.5 | 0.727 | 0.040 | 0.767 |
| 1.0 | 0.643 | 0.080 | 0.723 |
| 1.4 | 0.559 | 0.112 | 0.671 |

## பிரிப்பது

முதல் மூன்று புள்ளிகளை எடுங்கள். அங்கே மின்னோட்டம் குறைவு, ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. ஓமிக் இழப்பைக் கூட்டிவிட்டதால் மிச்சமிருப்பது கிளர்வு மட்டும். இவற்றை மடக்கை அச்சில் குறித்தால் நேர்கோடு வர வேண்டும்.

வராது. 0.01-க்கும் 0.03-க்கும் நடுவே சாய்வு பத்து மடங்குக்கு 63 மில்லிவோல்ட் வரும், 0.03-க்கும் 0.1-க்கும் நடுவே 67. கோடு குறைந்த பக்கத்தில் தட்டையாக வளையும். கசியும் ஹைட்ரஜனைக் கணக்கில் சேர்க்காததன் அடையாளம் இது. சவ்வு வழியே காற்றுப் பக்கம் வந்துசேரும் ஹைட்ரஜன் அங்கேயே ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. அந்த மின்னோட்டம் வெளிச்சுற்றுக்கு வராது, ஆனால் பிளாட்டினம் அதற்கும் சேர்த்துத்தான் உழைக்கிறது. இங்கே அது 0.002 ஆம்பியர். 0.01 என்பது உண்மையில் 0.012, 0.03 என்பது 0.032, 0.1 என்பது 0.102. இப்போது இரண்டு இடைவெளியிலும் சாய்வு 70-ஐ ஒட்டி வந்துவிடும்.

இதே கணக்கு இன்னொரு புதிரையும் அவிழ்க்கிறது. லோடே மாட்டாதபோதும் மீட்டர் 1.156 காட்டுவதில்லை, 0.95-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அந்த 0.002 ஆம்பியரை நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள்: 0.949 வரும். நாம் எதுவும் எடுக்காவிட்டாலும் கலம் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த நேர்கோட்டை அப்படியே வலப்பக்கம் நீட்டுங்கள். 1.0 ஆம்பியரில் கோடு 0.760 வோல்ட்டில் நிற்கும். ஆக்சிஜன் தடையில்லாமல் வந்திருந்தால், சவ்வுக்குத் தடையே இல்லாதிருந்தால், கலம் கொடுத்திருக்க வேண்டிய வோல்டேஜ் அது. அட்டவணையில் ஓமிக்கைக் கூட்டிய பின் இருப்பது 0.723. வித்தியாசமான 0.037 வோல்ட் செறிவு இழப்பு. 1.4-ல் கோடு 0.750, அட்டவணை 0.671, வித்தியாசம் 0.079. இந்த இரண்டு வித்தியாசங்களிலிருந்தும் தனித்தனியே எல்லை மின்னோட்டத்தைக் கணக்கிட்டால் இரண்டும் 1.6 என்றே சொல்லும். சொல்லாவிட்டால் நேர்கோடு தவறாகப் போடப்பட்டிருக்கிறது, அல்லது இந்த எளிய மாதிரிக்கு அப்பால் ஏதோ நடக்கிறது. உதாரணமாக, வினையூக்கி அடுக்குக்குள்ளேயே புரோட்டானுக்குத் தடை இருந்தால் அது உயர் அதிர்வெண் அளவீட்டில் முழுதாகத் தெரியாது. அந்த இழப்பும் செறிவின் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது 1.0 ஆம்பியரில் தொலைந்த 0.513 வோல்ட்டின் கணக்கு: கிளர்வு 0.396, ஓமிக் 0.080, செறிவு 0.037.

நான்கில் மூன்று பங்குக்கு மேல் கிளர்வு. "ஓமிக் பகுதி" என்று படத்தில் எழுதியிருக்கும் இடத்தின் நட்டநடுவில்! அப்படியானால் அந்தப் பெயர் எதைச் சொல்கிறது? இழப்பின் அளவை அல்ல, சாய்வைச் சொல்கிறது. மின்னோட்டத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினால் எந்த இழப்பு எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். 0.05 ஆம்பியரில் கிளர்வின் சாய்வு 0.585, ஓமிக் 0.080, செறிவு 0.025. 1.0-ல் கிளர்வு வெறும் 0.030, ஓமிக் அதே 0.080, செறிவு 0.063. 1.4-ல் செறிவு 0.19-க்கு ஏறிவிடும். கிளர்வு இழப்பு முதல் சில மில்லிஆம்பியரிலேயே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு அடங்கிவிடுகிறது. பிறகு அது வளர்வதில்லை என்றே தோன்றும், ஆனால் எடுத்ததைத் திருப்பித் தருவதும் இல்லை. மூன்று இழப்பும் எல்லாப் புள்ளியிலும் சேர்ந்தே இருக்கின்றன. பகுதிக்குப் பகுதி மாறுவது, கோட்டைச் சாய்ப்பது யார் என்பது மட்டும்தான்.

## ஒரே வீழ்ச்சி, வேறு வேறு காரணம்

சில நாள் கழித்து அதே கலம் 1.0 ஆம்பியரில் 0.643-க்குப் பதில் 0.583 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 மில்லிவோல்ட் போய்விட்டது. மீட்டரை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது.

உயர் அதிர்வெண் மின்தடையைப் பாருங்கள். அது 3.2-இலிருந்து 5.6 மில்லிஓமுக்கு ஏறியிருந்தால், 0.140 ஓம்-சதுர சென்டிமீட்டர், இழப்பு 0.140 வோல்ட். கூட்டினால் 0.723, பழைய எண் அப்படியே. வீழ்ச்சி முழுவதும் ஓமிக் தடையில். சவ்வு காய்ந்துவிட்டது, அல்லது தட்டுகளின் இறுக்கம் தளர்ந்துவிட்டது. ஈரப்பதம் ஏற்றிய பின் தடை இறங்கினால் முதலாவது, இறங்காவிட்டால் இரண்டாவது.

தடை 3.2-லேயே இருந்தால் கூட்டிய எண் 0.663. இப்போது குறைந்த மின்னோட்டத்துப் புள்ளிகளைத் திரும்ப அளங்கள். அந்த நேர்கோடு அசையாமல் இருந்தால் செறிவு இழப்பு 0.037-இலிருந்து 0.097-க்குப் போயிருக்கிறது. துளைகளில் நீர் தேங்கியிருக்கலாம். அப்படியானால் வோல்டேஜ் நிலையாக நிற்காமல் ஆடும், வாயுவை ஒருகணம் வேகமாக ஊதிவிட்டால் சட்டென்று மீளும், மறுபடி மெல்ல இறங்கும். உறுதிப்படுத்த காற்றை நிறுத்திவிட்டுத் தூய ஆக்சிஜனைக் கொடுத்துப் பாருங்கள். வோல்டேஜ் எப்படியும் கூடும். குறைந்த மின்னோட்டத்திலும் அதிக மின்னோட்டத்திலும் ஒரே அளவு கூடினால் பரவலில் கோளாறு இல்லை. மின்னோட்டம் ஏற ஏற அதிகமாகக் கூடினால் ஆக்சிஜன் வந்துசேரும் வழியில்தான் கோளாறு.

நேர்கோடே கீழே இறங்கியிருந்தால் வினையூக்கி. ஆனால் அது 60 மில்லிவோல்ட் இறங்குவது சாதாரண விஷயமல்ல. பிளாட்டினத்தின் வேலை செய்யும் பரப்பில் பாதி போய்விட்டால்கூடக் கோடு இறங்குவது 21 மில்லிவோல்ட்தான், 70-ஐ இரண்டின் மடக்கையால் பெருக்கினால் வருவது அதுவே. அந்த 21 எல்லா மின்னோட்டத்திலும் சமமாகத் தெரியும். பெரிய வீழ்ச்சிக்கு வினையூக்கியின் தேய்மானத்தைக் காரணம் சொல்பவரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள்.

இதெல்லாம் பார்ப்பதற்கு முன் காற்றின் ஓட்டத்தைச் சரிபார்த்துவிடுவது நல்லது. ஒரு ஆம்பியருக்கு நிமிடத்துக்கு 16.6 மில்லிலிட்டர் காற்று வேண்டும் (பூஜ்யம் டிகிரியில், ஒரு வளிமண்டலத்தில் அளந்தது), அதில் உள்ள ஆக்சிஜன் முழுதும் செலவானால். 25 ஆம்பியரில் இரண்டு மடங்கு கொடுக்க 830 மில்லிலிட்டர். ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு 37.5 ஆம்பியருக்குப் போனால் இரண்டு மடங்கு 1.33 மடங்காகிவிடும். கால்வாயின் வெளிவாயிலில் ஆக்சிஜன் பாதிக்கும் கீழே போய்விடும், கோடு முன்கூட்டியே கவிழும். துளைகளில் எந்தக் குற்றமும் இருக்காது. சந்தேகம் வந்தால் ஓட்டத்தை இரட்டித்துப் பாருங்கள். கவிழும் இடம் வலப்பக்கம் நகர்ந்தால், நீங்கள் அளந்துகொண்டிருந்தது கலத்தின் எல்லையை அல்ல, வாயுக் குழாயின் எல்லையை.